வாழ்த்து வந்தபோது நான் வாதாடினேன்

கணக்குப் பிரிவின் தலைமைப் பொறுப்புக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருப்பதாகக் கடிதம் வந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். அதே நிறுவனத்தில் 11 ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு கிடைத்த பொறுப்பு அது. விண்ணப்பித்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்தி என் நெருங்கிய தோழி. அன்று தொடங்கி அடுத்த ஒரு வாரத்தில் என்னை வாழ்த்தியவர்களிடம் நான் என்னென்ன பதில் சொன்னேன் என்பதையும், அந்தப் பதில்களால் என்னென்ன இழந்தேன் என்பதையும் எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். தோல்வி வந்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நல்ல செய்தி வந்து, நாலு பேர் கையைப் பிடித்து வாழ்த்தும்போது வாயிலிருந்து என்ன வர வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அது தானாக வந்துவிடும் என்று நானும் நம்பியிருந்தேன்.

எந்த வேலைக்காக அந்தப் பொறுப்பு கிடைத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதற்கு அது தேவை. எங்கள் நிறுவனத்துக்கு 9 கிடங்குகள். ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் ஏட்டில் இருக்கும் சரக்கும் கிடங்கில் எண்ணிப் பார்க்கும் சரக்கும் ஒத்துப்போகாது. திருட்டு, எலி, எண்ணுகிறவர்களின் கவனக்குறைவு என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உண்மையில் சிக்கல் வழியில் இருந்த சரக்கில்தான். அனுப்புகிற கிடங்கு லாரி கிளம்பிய தேதியில் சரக்கைக் கழித்துவிடும். பெறுகிற கிடங்கு சரக்கு வந்து சேர்ந்த தேதியில்தான் கூட்டும். இடைப்பட்ட நாட்களில் அந்தச் சரக்கு எந்த ஏட்டிலும் இராது. வழியில் இருக்கும் சரக்குக்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு அனுப்புச் சீட்டையும் அதன் வழியாகக் கடக்கவைக்கும் முறையை நான் வகுத்தேன். அதற்கு 14 மாதங்கள் பிடித்தன. என் பிரிவில் இருந்த இளைஞன் ஒருவன் பழைய அனுப்புச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தான். கிடங்கில் வேலை செய்யும் ஓர் அம்மா, சீட்டுகளுக்கு எல்லாக் கிடங்குக்கும் பொதுவான வரிசை எண் இருந்தால் தேடுவது எளிது என்று சொன்னார். அந்த யோசனை இல்லாவிட்டால் என் முறை பாதியில் நின்றிருக்கும்.

கடிதம் வந்த அன்று பதினொரு மணி வாக்கில் மேலாளர் என் மேசைக்கே வந்தார். நான் ஒரு கோப்பைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தேன். "வாழ்த்துகள் அம்மா, மிகவும் மகிழ்ச்சி" என்று கையை நீட்டினார். நான் கயிற்றை விடவில்லை. ஒரு கையில் முடிச்சைப் பிடித்துக்கொண்டு, மறு கையை அவசரமாக நீட்டி, "ஐயோ, அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை சார். வேறு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அந்தக் கணக்கு முறையை யார் வேண்டுமானாலும் செய்திருப்பார்கள்" என்றேன். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து முடிச்சை இறுக்கினேன். அவர் ஒரு கணம் நின்றார். "அப்படி இல்லை அம்மா, நீங்கள் நன்றாகச் செய்தீர்கள்" என்றார். நான் மறுபடியும் மறுத்தேன். மூன்றாவது முறை சொல்வதற்கு அவரிடம் சொல் இருக்கவில்லை. "சரி, பாருங்கள்" என்று போய்விட்டார். அடக்கமாகப் பேசிவிட்டோம் என்ற நிறைவு எனக்கு.

எதிர் மேசையில் அந்த இளைஞன் உட்கார்ந்திருந்தான். அன்று மாலை வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும் நேரத்தில் வந்து நின்று, "அக்கா, யார் வேண்டுமானாலும் செய்திருப்பார்கள் என்றீர்களே, நான் ஏழு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்த சீட்டுகளும் அப்படித்தானா?" என்று கேட்டான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னை நான் குறைத்துச் சொன்னால் குறைவது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். வேலையைக் குறைத்துச் சொன்னதில், அந்த வேலையில் கை வைத்த எல்லாரையும் குறைத்திருக்கிறேன். என்னைத் தேர்ந்தெடுத்தவர்களின் தீர்மானத்தையும் அவர்கள் முகத்துக்கு நேராகவே மட்டம் தட்டியிருக்கிறேன்.

இரண்டு மாதங்கள் கழித்து அடுத்த அடி விழுந்தது. அதே முறையைத் துணை நிறுவனத்தின் கிடங்குகளுக்கும் விரிவாக்குவதென்று முடிவாயிற்று. அதை நடத்துகிறவருக்குத் தனிப் படி உண்டு. இயல்பாக எனக்கு வரும் என்று காத்திருந்தேன். வேறொருவருக்குப் போனது. மேலாளரிடம் கேட்டபோது அவர் உண்மையாகவே வியந்தார். "யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? புதுப் பொறுப்பே உங்களுக்குச் சுமையாக இருக்கிறதோ என்று நினைத்து உங்களைத் தொந்தரவு செய்யவில்லை" என்றார். அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அடக்கத்துக்காகச் சொன்ன சொல்லை அவர் தகவலாக எடுத்துக்கொண்டார். வேலை சிக்கி, கடைசியில் என்னிடமே திரும்பி வர 7 மாதங்கள் ஆயின. அதற்குள் கைவிட்டுப்போன படித்தொகையைக் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றரை மாதச் சம்பளம். ஒரு வாக்கியத்துக்கு அது பெரிய விலை.

இந்த இடத்தில் எனக்குப் பிற்பாடு புரிந்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தமிழில் வாழ்த்து என்றும் பாராட்டு என்றும் இரண்டு சொற்கள் வைத்திருக்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. "நீ நன்றாகச் செய்தாய்" என்பது பாராட்டு. அதில் ஒரு மதிப்பீடு இருக்கிறது. 1978-இல் அனிதா பொமரன்ட்ஸ் என்ற உரையாடல் ஆய்வாளர் பாராட்டுக்கு மக்கள் சொல்லும் பதில்களைப் பற்றி எழுதியது இன்றும் பேசப்படுகிறது. பாராட்டப்படுகிறவர் இரண்டு பக்கமும் இழுக்கப்படுகிறார் என்பது அவர் காட்டியது. எதிரில் இருப்பவர் சொல்வதை ஒப்புக்கொள்ள வேண்டும், ஆனால் தன்னைத் தானே புகழவும் கூடாது. ஒன்றைச் செய்தால் மற்றது கெடும். அதனால்தான் மக்கள் பாராட்டைக் குறைத்துச் சொல்கிறார்கள், அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறார்கள், அல்லது திருப்பிப் பாராட்டிவிடுகிறார்கள். இதெல்லாம் பாராட்டுக்குச் சரி. ஆனால் "வாழ்த்துகள், மிகவும் மகிழ்ச்சி" என்று ஒருவர் சொல்லும்போது அவர் என்னைப் பற்றி எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. எனக்கு ஒரு நல்லது நடந்திருக்கிறது, அதில் தனக்கும் மகிழ்ச்சி என்கிறார். ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ அதில் எதுவுமே இல்லை. நான் ஒவ்வொரு வாழ்த்தையும் பாராட்டாகக் காதில் வாங்கி, கேட்காத வழக்குக்கு வாதாடிக்கொண்டிருந்தேன். வாழ்த்துக்கு "அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை" என்று பதில் சொன்னால் அதன் பொருள் "நீங்கள் மகிழ வேண்டியதில்லை" என்பதாகிவிடும். கொடுத்தவர் கையிலேயே திருப்பித் திணிப்பதற்குச் சமம்.

ஆகவே இப்போது ஒருவர் பேசத் தொடங்கியதும் வந்தது வாழ்த்தா பாராட்டா என்று மனத்துக்குள் பிரித்துப் பார்க்கிறேன். வாழ்த்து என்றால், "மிக்க நன்றி, எனக்கும் மகிழ்ச்சியாக இருக்கிறது." அவ்வளவுதான். அந்த இரண்டாம் பாதியை விட்டுவிடாதீர்கள். வெறும் நன்றி கதவைச் சாத்துவதுபோல ஒலிக்கும். எனக்கும் மகிழ்ச்சி என்று சொன்னால்தான் அவர் மகிழ்ச்சியோடு நம்முடையதும் சேர்கிறது. பாராட்டு என்றால் கூடவே ஓர் உண்மைத் தகவல். "நன்றி சார். 14 மாத வேலை, ஒரு வழியாக நிலைத்து நின்றதில் நிம்மதி." அதில் பெரிய, சிறந்த, அருமையான என்ற சொற்கள் எதுவும் இல்லை. மாதக் கணக்கும் நடந்த வேலையும் மட்டுமே இருக்கின்றன. அடைமொழி சேர்ந்தால் தற்பெருமையாகிவிடும், நடந்ததை நடந்தபடி சொன்னால் ஆகாது. இன்னொன்று, கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் கோப்பின் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்ததுதான் மேலாளருக்கு நான் சொன்ன சொற்களைவிட உரக்கக் கேட்டிருக்கும் என்று இப்போதும் தோன்றுகிறது.

பகிர்ந்துகொள்ளும் புகழைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இளைஞனிடம் பட்ட அடிக்குப் பிறகு நான் நேர் எதிராகப் போய் இன்னொரு தவறு செய்தேன். யார் என்ன சொன்னாலும் "எல்லாம் என் குழுவின் உழைப்பு, நான் ஒன்றுமே செய்யவில்லை" என்று சொல்ல ஆரம்பித்தேன். கேட்பதற்கு அழகாக இருக்கும். ஆனால் எல்லாரும் என்று சொன்னால் யாருக்கும் எதுவும் போய்ச் சேர்வதில்லை. நான் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொண்டேன், அவ்வளவுதான். குழுவினரும் அதை நம்பவில்லை, முறையை வகுத்தது யார் என்று அவர்களுக்குத் தெரியாதா? இப்போது சொல்வது இப்படி: "முறையை நான் வகுத்தேன். பழைய சீட்டுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பிழையைக் கண்டுபிடித்தது இவன். பொது வரிசை எண் கிடங்கு அம்மாவின் யோசனை." யார் எதைச் செய்தார் என்று துண்டு துண்டாகச் சொல்ல வேண்டும், அந்தப் பட்டியலில் நம் பங்கும் இருக்க வேண்டும். அந்த ஆளின் காதில் படும்படி ஒரு முறையாவது சொல்ல வேண்டும். கிடங்கு அம்மாவின் பெயரை மேலாளர் முதல்முறையாக என் வாயிலிருந்துதான் கேட்டார். அடுத்த முறை கிடங்குக்குப் போனபோது அவரைத் தேடிப் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

அலுவலகத்தில் அடக்கம் என்ற பெயரில் சறுக்கிய நான், அதே வாரக் கடைசியில் குடும்பத்தார் கூடிய இடத்தில் மறுபக்கம் சறுக்கினேன். அங்கே எனக்குப் போட்டியாளர் யாரும் இல்லை என்ற துணிவு. சித்தி மகன், "கேள்விப்பட்டேன் அக்கா, வாழ்த்துகள். எப்படிக் கிடைத்தது?" என்று கேட்டான். நான் வழியில் இருக்கும் சரக்கிலிருந்து தொடங்கினேன். நேர்காணலில் என்னிடம் கேட்ட கேள்விகள், நான் சொன்ன பதில்கள், அதைக் கேட்டு அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது என்று இருபது நிமிடம் பேசியிருப்பேன். அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். அவனுக்கு வேலை போய் மூன்று வாரம் ஆகியிருந்தது என்பது வீடு திரும்பும்போதுதான் தெரிந்தது. அவன் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் நான் அவனை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்பதுதான். 2015-இல் ஐரீன் ஸ்கோபெலிட்டி என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பிற்பாடு படித்தேன். தன் வெற்றியைச் சொல்கிறவர் கேட்பவருக்கு ஏற்படும் மகிழ்ச்சியை உள்ளதைவிட அதிகமாகவும், எரிச்சலை உள்ளதைவிடக் குறைவாகவும் கணிக்கிறார் என்பது அதில் கண்டது. அன்று அவன் தலையாட்டலை ஆர்வம் என்று நான் படித்ததற்கு இதைவிடச் சரியான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அதிலிருந்து எனக்கு நானே வகுத்துக்கொண்ட வழி இது. "எப்படிக் கிடைத்தது?" என்ற முதல் கேள்வி பெரும்பாலும் வழக்கத்துக்குக் கேட்பது. அதற்கு இரண்டு வாக்கியம். "கிடங்குக் கணக்கில் ஒரு பழைய குழப்பம் இருந்தது, அதைச் சரிசெய்தேன். அதைப் பார்த்துக் கொடுத்தார்கள்." பிறகு நிறுத்திவிட வேண்டும். எதிரில் இருப்பவர், "என்ன குழப்பம்?" என்று இரண்டாவது கேள்வி கேட்டால் அதுதான் உண்மையான ஆர்வம், அப்போது விரிவாகச் சொல்லலாம். இரண்டாவது கேள்வி வரவில்லை என்றால் அவரைப் பற்றி நாம் கேட்க வேண்டும். கேட்பதும் பேச்சைத் திருப்புவதற்காகக் கேட்பதாக இருக்கக் கூடாது. "நீ எப்படி இருக்கிறாய், வேலை எப்படிப் போகிறது?" என்று அன்று நான் நின்று கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான். ஆனால் இந்த இரண்டு வாக்கிய வழக்கத்தை அம்மாவிடமும் உயிர்த்தோழியிடமும் கடைப்பிடிக்காதீர்கள். அவர்கள் முழுக் கதைக்காகத்தான் கூப்பிடுகிறார்கள். அளந்து பேசினால் அவர்களுக்கு வலிக்கும்.

இன்னொரு தவறு, நான் அறியாமலே செய்துகொண்டிருந்தது. "வாழ்த்துகள்" என்று யாராவது செய்தி அனுப்பினால், "அட போங்கள், இனித் தூக்கமே கிடையாது. 9 கிடங்கும் என் தலைமேல்தான்" என்று குறைப்படுவதுபோல எழுதுவேன். குறையும் அதில்தான் இருக்கும், 9 கிடங்குக்கு நான் தலைவி என்ற அறிவிப்பும் அதில்தான் இருக்கும். இப்படிக் குறையில் பொதிந்து பெருமை பேசுவதை ஓவுல் செசெர் என்ற ஆய்வாளரும் வேறு இருவரும் சேர்ந்து ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டிருக்கிறார்கள். நேரடியாகப் பெருமை பேசுகிறவரைவிட இவரைத்தான் மக்களுக்குப் பிடிப்பதில்லை, காரணம் போலித்தனம் தெரிந்துவிடுகிறது என்கிறது அது. படித்ததும் என் கைப்பேசியில் அந்த வாரத்துச் செய்திகளை எடுத்துப் பார்த்தேன். 64 பேருக்கு எழுதிய பதில்களில் பாதிக்கு மேல் இந்த வகை. வேலைச்சுமை உண்மையாகவே அழுத்தினால் அதை வேறொரு நாள், உதவக்கூடிய ஒருவரிடம் சொல்லலாம். வாழ்த்துக்குப் பதிலாக அதைக் கொடுக்கக் கூடாது. எழுத்தில் வரும் வாழ்த்துக்கு அவர் எழுதிய நீளமே நமக்கும் அளவு. ஒரு சொல் அனுப்பியவருக்கு ஒரு வரி. நினைவுகளோடு நாலு வரி எழுதியவருக்கு அந்த நினைவைத் தொட்டு நாலு வரி. பலர் கூடியிருக்கும் குழுவில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்லிக்கொண்டிருந்தால் நம் செய்தியே நாள் முழுவதும் மேலே மேலே வந்துகொண்டிருக்கும். அங்கே மாலையில் எல்லாருக்கும் சேர்த்து ஒரு முறை போதும்.

இனி மிகவும் வலித்த ஒன்று. என்னோடு விண்ணப்பித்த தோழிக்கு நான் சொல்லவே இல்லை. அவளுக்கு மனம் நோகுமே என்று நினைத்தேன். திங்கட்கிழமை கடிதம் கையில் கிடைத்தது, புதன்கிழமைதான் பொது அறிவிப்பு. இடையில் இருந்த இரண்டு நாளும் அவளோடு உட்கார்ந்து மதிய உணவு சாப்பிட்டேன். மேலாளர் என் மேசைக்கு வந்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள், அவள் மட்டும் அன்று காலை வெளிவேலையாகப் போயிருந்தாள். புதன்கிழமை அறிவிப்பைப் படித்துவிட்டு என்னிடம் வந்து, "வாழ்த்துகள்" என்றாள். நான் பதறிப்போய், "உனக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும். என்னைவிட நீதான் தகுதியானவள்" என்றேன். அவள் முகம் சுருங்கியது. "நான் தாங்கமாட்டேன் என்று நீயே முடிவு செய்துவிட்டாயா? இரண்டு நாள் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாயே" என்றாள். அதன் பிறகு ஐந்து மாதங்கள் எங்களுக்குள் வேலை தொடர்பான பேச்சைத் தவிர வேறு எதுவும் இல்லை. போன படித்தொகையைக்கூட மறந்துவிட்டேன், இந்த ஐந்து மாதத்தை மறக்க முடியவில்லை.

மனம் ஆறிப் பேசத் தொடங்கியபோது அவளிடமே கேட்டேன், நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எனக்குக் கிடைக்கவில்லை என்ற வருத்தம் எப்படியும் வந்திருக்கும். அதை நீ தடுக்க முடியாது. ஆனால் எல்லாருக்கும் தெரிந்தது எனக்கு மட்டும் கடைசியில் தெரிந்தது தனி வருத்தம். அதை நீ கொடுத்தாய். அப்புறம் நான் வாழ்த்தியபோது, எனக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும் என்றாய். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? ஆமாம் என்று சொல்ல முடியுமா, இல்லை என்று சொல்லி உன்னைத் தேற்ற வேண்டுமா? தோற்றவளே ஜெயித்தவளுக்கு ஆறுதல் சொல்லும்படி வைத்துவிட்டாய்." இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நம்மோடு அதே பொருளுக்கு முயன்று கிடைக்காதவர் இருந்தால் செய்தி அவருக்கு நம் வாயிலிருந்து, தனியாக, ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் போக வேண்டும். சுருக்கமாக, "எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. நீ வேறொருவர் மூலம் கேட்கக் கூடாது என்று சொல்கிறேன்" என்றால் போதும். மன்னிப்புக் கேட்க வேண்டாம், தகுதியை ஒப்பிட வேண்டாம், உடனே அவர் வாழ்த்த வேண்டும் என்று எதிர்பார்த்து முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம். அவர் எழுந்து போக வழி விட வேண்டும். வாழ்த்து இரண்டு நாள் கழித்து வந்தால் அது அவருக்கு எளிதாக வந்ததல்ல என்பதை நினைவில் வைத்து, "நன்றி, நீ சொன்னது எனக்குப் பெரிது" என்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

கொஞ்சம் முள்ளோடு வரும் வாழ்த்துகளும் உண்டு. "உங்களுக்கென்ன, கொடுத்து வைத்தவர்" என்று ஒருவர் சொன்னார். முன்பென்றால் ஆமாம் ஆமாம், எல்லாம் அதிர்ஷ்டம் என்று சொல்லித் தப்பித்திருப்பேன், அல்லது வீட்டுக்குப் போய் எரிந்திருப்பேன். அவர் சொன்னதில் எவ்வளவு உண்மையோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அப்படியே விட்டுவிடலாம் என்று கற்றுக்கொண்டேன். "நேரமும் கூடி வந்தது, உண்மைதான். உழைப்பும் இருந்தது. நன்றி" என்றேன். குரலை உயர்த்தவில்லை, சிரித்து மழுப்பவும் இல்லை. அவரும் அதற்கு மேல் போகவில்லை. எல்லா முள்ளும் இப்படி மழுங்கிவிடும் என்று சொல்லமாட்டேன். சிலருக்கு நாம் எதைச் சொன்னாலும் கசக்கும், அங்கே நன்றி சொல்லி நகர்வதைத் தவிர வேறு வழி இல்லை.

இதையெல்லாம் சரிப்படுத்திக்கொண்ட பிறகும் ஒன்று மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. நான் வேலையில் சேர்ந்த புதிதில் எனக்குக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்த பெரியவர் ஒருவர், ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆனவர், அந்தத் திங்கட்கிழமை இரவு தொலைபேசியில் கூப்பிட்டு வாழ்த்தினார். அவரிடமும் நான் வாதாடினேன். அவர் ஒன்று சொல்ல, நான் மறுக்க, அவர் மறுபடி சொல்ல, நான் மறுபடி மறுக்க, இப்படியே நாலைந்து நிமிடம் போய், "சரி அம்மா, தூங்கு" என்று வைத்துவிட்டார். ஓராண்டுக்கு மேல் கழித்து அவரைக் கூப்பிட்டேன். வாழ்த்தைத் தாமதமாகவாவது வாங்கிக்கொள்ள முடியுமா என்று தெரியாமல்தான் கூப்பிட்டேன். "ஐயா, அன்றைக்கு நீங்கள் வாழ்த்தினீர்கள். நான் சரியாக நன்றி சொல்லவில்லை. நீங்கள் கூப்பிட்டது எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்த வித்தியாசத்தை எங்கே பிடித்தாய்? என் காலத்திலும் அது ஒத்துப்போனதே இல்லை" என்று கேட்டார். லாரி கிளம்பிய தேதியிலிருந்து தொடங்கினேன். அவர் நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டார், ஓர் இடத்தில் தாளும் பேனாவும் எடுத்து வரச் சொல்லி வீட்டில் யாரையோ கூப்பிட்டார். முக்கால் மணி நேரம் பேசினோம்.